விசாவுக்குச் சம்பளச் சான்றிதழ்: முதலாளியிடம் கேட்கும் முறையும் எழுதி வாங்கும் படிவமும்

காரைக்குடி செக்காலை ரோட்டில் தட்டச்சும் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் வேலையும் பார்த்து வருகிறேன். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிற பெற்றோர் கொண்டுவரும் தாள்களில் அதிகமாகத் திருத்தம் தேவைப்படுவது சம்பளச் சான்றிதழ்தான். பாஸ்போர்ட்டையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் அதற்குரிய அலுவலகம் ஒரே மாதிரியாக அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. சம்பளச் சான்றிதழை மட்டும் ஓட்டுக் கம்பெனியிலோ, ஜவுளிக் கடையிலோ, அரிசி ஆலையிலோ யாரோ ஒருவர் தம் மனத்துக்குத் தோன்றியபடி எழுதிக் கொடுக்கிறார். பிரிட்டனுக்குச் சுற்றுலா, உறவினர் வருகை, பட்டமளிப்பு விழா போன்றவற்றுக்காகப் போகிறவர்கள் எடுக்கும் ஸ்டாண்டர்டு விசிட்டர் விசாவை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தச் சான்றிதழை எப்படிக் கேட்டு வாங்குவது என்று இங்கே சொல்கிறேன். மற்ற நாடுகளின் விதிகள் வேறுபடும். அந்தந்தத் தூதரகத்தின் ஆவணப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிரிட்டன் குடிவரவுத் துறை, வேலையில் இருப்பவரிடம் எதிர்பார்ப்பது நிறுவனத்தின் முகப்புத்தாளில் எழுதிய ஒரு கடிதம். விண்ணப்பதாரரின் பொறுப்பு, சம்பளம், எவ்வளவு காலமாக வேலை செய்கிறார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரி இதைத் தனியாகப் படிப்பதில்லை. ஒரு பக்கம் நீங்கள் இணையத்தில் நிரப்பிய விண்ணப்பம், மறுபக்கம் வங்கிக் கணக்கு அறிக்கை, நடுவில் இந்தச் சான்றிதழ் என்று மூன்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார். மூன்றிலும் ஒரே தொகை இருக்க வேண்டும். இல்லையென்றால், ஏன் வேறுபடுகிறது என்பதற்கான காரணம் சான்றிதழிலேயே இருக்க வேண்டும். இந்தப் பயணி ஊர் திரும்புவாரா, செலவுக்கு வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர் விடை தேடுகிறார். திரும்பி வந்து உட்கார ஒரு வேலை காத்திருக்கிறது என்று காட்டுவது இந்தத் தாள்தான்.

ஆத்தங்குடியில் தரை ஓடு செய்யும் பட்டறை ஒன்றில் கணக்குப் பார்க்கும் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். மகள் இங்கிலாந்தில் முதுகலை முடித்திருந்தாள். ஜூலையில் பட்டமளிப்பு விழா. அவர் கையில் இருந்த சான்றிதழில் நான்கே வரிகள்: இன்னார் எங்களிடம் வேலை பார்க்கிறார், மாதச் சம்பளம் 45,000 ரூபாய், நன்னடத்தை உள்ளவர், அவருக்கு எங்கள் வாழ்த்துகள். கூடவே வைத்திருந்த வங்கி அறிக்கையில் மாதாமாதம் 5-ந் தேதி பட்டறைக் கணக்கிலிருந்து வந்திருந்தது 27,200 ரூபாய். உண்மைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். 32,000 என்றார். பட்டறையை நடத்தும் ஆச்சி, பிள்ளையைப் பார்க்கப் போகிறவருக்கு நன்மை செய்வதாக நினைத்துக் கூட்டிப் போட்டுவிட்டார்கள்.

அந்தத் தாளை அப்படியே இணைத்திருந்தால் விசா மறுக்கப்படுவதோடு போயிருக்காது. பொய்யான ஆவணம் கொடுத்து ஏமாற்ற முயன்றார் என்று முடிவு செய்தால், பிரிட்டன் விதிகளின்படி 10 ஆண்டுகள் வரை விசா கிடைக்காமல் போகலாம். மகள் அங்கேயே வேலையில் அமர்ந்து, பேரன் பேத்தி பிறந்தாலும் போய்ப் பார்க்க முடியாத நிலை வரும். ஆகவே கூட்டி எழுதிய சான்றிதழை, எவ்வளவு அன்போடு கொடுத்திருந்தாலும், திருப்பிக் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்.

கேட்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய கணக்கு

முதலாளியிடம் போவதற்கு முன், கடைசி ஆறு மாத வங்கி அறிக்கையை எடுத்து, சம்பளம் வந்த வரிகளில் மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். ஆறு மாதம் என்பது சட்டம் வைத்த எண்ணிக்கை அன்று. வருமானம் ஒழுங்காக வருவதைக் காட்ட அது போதுமானது என்பது என் அனுபவம். பிறகு மொத்தச் சம்பளத்துக்கும் கணக்கில் வந்த தொகைக்கும் இடையே உள்ள வித்தியாசம் எங்கே போனது என்று ஒவ்வொரு ரூபாயாகக் கண்டுபிடியுங்கள்.

அந்தக் கணக்கருக்கு நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. மொத்தச் சம்பளம் 32,000. வருங்கால வைப்பு நிதிக்காக, 15,000 ரூபாய் என்ற உச்ச வரம்பின்மேல் 12 விழுக்காடு வீதம் 1,800 பிடித்தம். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. மகளின் கல்விக் கட்டணத்துக்காக ஆச்சியிடம் 90,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அதை மாதம் 3,000 வீதம் 30 மாதங்களில் கழிப்பதாகப் பேச்சு. 32,000-இல் 1,800-ம் 3,000-ம் போனால் 27,200. வங்கியில் வந்த தொகை இதுவேதான்.

ஆனால் மார்ச் மாதச் சம்பளம் மட்டும் 25,950 என்று இருந்தது. அந்த 1,250 ரூபாய் எங்கே போனது என்று அவருக்கே நினைவில்லை. பட்டறையின் சம்பளப் பதிவேட்டைப் பார்த்தபோது அரையாண்டுத் தொழில் வரி என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் இதை அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. அரசியலமைப்புச் சட்டம் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற வரம்பு வைத்திருக்கிறது. நமக்குப் பழக்கமான இந்த ஒரு பிடித்தம், லண்டனிலோ டெல்லியிலோ உட்கார்ந்து படிக்கிறவருக்குக் காரணமில்லாத குறைவாகத் தெரியலாம். இதற்கும் சான்றிதழில் ஒரு வரி ஒதுக்கினோம்.

இந்தக் கணக்கு ஒரு வெள்ளைத் தாளில் தயாரான பிறகே முதலாளியைப் பார்க்கப் போக வேண்டும். அவர் எழுத வேண்டிய எண்களை நீங்களே எடுத்துக் கொண்டுபோனால், அவர் நினைவிலிருந்து எதையாவது எழுதும் நிலை வராது.

எப்போது, எப்படிக் கேட்பது

விசிட்டர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பம் முறைப்படி சேர்ந்த பிறகு முடிவு தெரிய வழக்கமாக மூன்று வாரம் ஆகும். ஜூலை முதல் வாரம் புறப்பட வேண்டியவர் ஏப்ரல் கடைசியில் சான்றிதழைக் கேட்டு, மே மாதத்தில் விண்ணப்பித்தால் நிதானமாக நடக்கும். ஜனவரியிலேயே வாங்கி வைத்துக்கொள்வதால் பயனில்லை. சான்றிதழின் தேதி விண்ணப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதத்துக்குள் இருப்பது நல்லது. இன்றைக்கும் அவர் வேலையில் இருக்கிறார் என்பதைத்தானே அது சொல்ல வேண்டும்! நம் பகுதியில் முதலாளிகள் குடும்பப் படைப்புக்கோ கோவில் காரியத்துக்கோ பல நாள் வெளியூரில் இருந்துவிடுவார்கள். கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இருக்கும் வாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நாளைக் குறியுங்கள்.

வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு, அடுத்து ஒரு கடிதமும் கொடுங்கள். வாயால் மட்டும் கேட்கும்போது “சம்பளச் சான்றிதழ் வேண்டும்” என்பது மட்டுமே முதலாளி காதில் விழுகிறது. வேறு இடத்துக்கு வேலைக்குப் போகப் பார்க்கிறாரோ, வீட்டுக் கடன் வாங்கி நம்மை ஜாமீன் போடச் சொல்வாரோ என்று அவர் மனம் ஓடும். நோக்கத்தையும் திரும்பி வரும் தேதியையும் எழுத்தில் பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். விடுப்பு விண்ணப்பத்தையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடலாம். கணக்கர் கொடுத்த கடிதத்தின் வாசகம் ஏறத்தாழ இதுதான்:

> மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,
>
> வணக்கம். என் மகளின் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொள்வதற்காக ஜூலை 5 முதல் ஜூலை 26 வரை இங்கிலாந்து சென்றுவர விரும்புகிறேன். அந்த நாட்களுக்கு எனக்கு விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜூலை 28-ந் தேதி பட்டறைக்கு வந்து வழக்கமான வேலையைத் தொடர்வேன்.
>
> பிரிட்டன் விசிட்டர் விசா விண்ணப்பத்துடன் இணைப்பதற்கு, நம் பட்டறையின் முகப்புத்தாளில் ஆங்கிலத்தில் ஒரு சம்பளச் சான்றிதழ் தேவைப்படுகிறது. என் பொறுப்பு, வேலையில் சேர்ந்த தேதி, மொத்தச் சம்பளம், பிடித்தங்கள், வங்கியில் செலுத்தப்படும் தொகை, விடுப்பு அளிக்கப்பட்ட தேதிகள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இந்த விவரங்களைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுத்து, ஒரு வரைவாக இத்துடன் வைத்துள்ளேன். சரிபார்த்து மே 10-ந் தேதிக்குள் அளித்தால் உதவியாக இருக்கும். இந்தச் சான்றிதழை விசா விண்ணப்பத்துக்கு மட்டுமே பயன்படுத்துவேன்.
>
> இப்படிக்கு,
> தங்கள் பணிவுள்ள

அவர் இதைக் கொண்டுபோனபோது நானும் உடன் இருந்தேன். பட்டறை முற்றத்தில் அன்றைக்கு வார்த்த ஓடுகள் வரிசையாக நின்றன. கண்ணாடிச் சட்டத்தின்மேல் அச்சு வைத்து ஊற்றிய சாயத்தின் ஈரம் இன்னும் போகவில்லை. ஆச்சி கடிதத்தை முழுவதும் படித்தார்கள்.

“ஏப்பா, வெளிநாடு போறவனுக்குச் சம்பளம் கொஞ்சம் கூட இருந்தாத்தானே மதிப்பாங்க. நாற்பத்தஞ்சுன்னு போட்டதுல என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்லை ஆச்சி. பேங்க்குல இருபத்தேழாயிரத்து இருநூறுதான் வருது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க.”

“முன்பணம் பிடிக்கிறதையும் எழுதணுமா? உனக்குத்தான் கௌரவக் குறைச்சல்.”

“எழுதினாத்தான் ஆச்சி அந்த மூவாயிரத்துக்குக் கணக்கு வரும்.”

இந்தக் கடைசிப் பதில் முக்கியமானது. முன்பணப் பிடித்தத்தை மறைப்பதால் ஒரு பயனும் இல்லை. முதலாளி 90,000 ரூபாய் நம்பிக் கொடுத்திருக்கிறார், அது இன்னும் கழிந்துகொண்டிருக்கிறது என்பது, அவர் திரும்பி வருவதற்கு ஒரு காரணமாகவே படிக்கப்படும்.

சான்றிதழில் இருக்க வேண்டியவை

சான்றிதழ் ஆங்கிலத்தில் இருப்பதே எளிது. தமிழில் கொடுத்தால் முழு மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும். மொழிபெயர்த்தவர் அது மூலத்துக்குச் சரியானது என்று உறுதி கூறி, தேதி, முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவற்றைப் போட வேண்டும். ஒரு பக்கக் கடிதத்துக்கு அது வீண் அலைச்சல். கணக்கருக்கு நாங்கள் தட்டச்சு செய்ததன் உள்ளடக்கத்தைத் தமிழில் தருகிறேன். இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

> தேதி, கடித எண்
>
> பெறுநர்: விசா அதிகாரி, பிரிட்டன் விசா மற்றும் குடிவரவுத் துறை
>
> பொருள்: (பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயர், பாஸ்போர்ட் எண்) அவர்களின் வேலை மற்றும் சம்பளச் சான்று
>
> மேற்கண்டவர் எங்கள் நிறுவனத்தில் (சேர்ந்த தேதி) முதல் கணக்கராக, நிரந்தரப் பணியாளராக, முழு நேரம் வேலை செய்து வருகிறார்.
>
> அவருடைய மொத்த மாதச் சம்பளம் 32,000 ரூபாய். ஆண்டுக்கு 3,84,000 ரூபாய். இதில் வருங்கால வைப்பு நிதிக்காக 1,800 ரூபாயும், நிறுவனம் கொடுத்த முன்பணத்துக்காக 3,000 ரூபாயும் கழித்து, மாதந்தோறும் 27,200 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கில் (வங்கி பெயர், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்) செலுத்தப்படுகிறது. மார்ச் மாதத்தில் அரையாண்டுத் தொழில் வரி 1,250 ரூபாய் கூடுதலாகக் கழிக்கப்பட்டது.
>
> அவருடைய மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக ஜூலை 5 முதல் ஜூலை 26 வரை இங்கிலாந்து செல்ல அவருக்கு விடுப்பு அளிக்கப்பட்டுள்ளது. ஜூலை 28-ந் தேதி அவர் இதே பொறுப்பில் வேலையைத் தொடர்வார்.
>
> அவர் கேட்டுக்கொண்டதன்பேரில், பிரிட்டன் ஸ்டாண்டர்டு விசிட்டர் விசா விண்ணப்பத்துக்காக இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது. விவரங்களைச் சரிபார்க்க என்னைக் கீழ்க்கண்ட எண்ணிலும் மின்னஞ்சலிலும் தொடர்புகொள்ளலாம்.
>
> கையெழுத்து, முழுப் பெயர், பதவி, முத்திரை, கைப்பேசி எண், மின்னஞ்சல்

இதில் பெயர் வரியில்தான் நம் பக்கத்தில் குழப்பம் அதிகம். செட்டிநாட்டில் தலைப்பெழுத்து ஒற்றை எழுத்தாக நிற்பதில்லை. “ராம.”, “சித.”, “அரு.” என்று இரண்டு மூன்று எழுத்தில் போடுவது வழக்கம். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்திருக்கும். வங்கியில் ஆங்கிலத் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். சான்றிதழில் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி, பாஸ்போர்ட் எண்ணையும் போட்டுவிடுங்கள். பட்டறைப் பதிவேட்டில் வேறு வடிவம் இருந்தால், “எங்கள் பதிவேட்டில் இப்படிக் குறிக்கப்பட்டுள்ளவர்” என்று ஒரு தொடரைச் சேர்த்தால் போதும்.

செலவை நிறுவனம் ஏற்கும் என்று, உண்மையில் ஏற்காதபோது, எழுதச் சொல்லாதீர்கள். நன்னடத்தை, வாழ்த்து ஆகியவற்றுக்கு இதில் இடம் தேவையில்லை.

முகப்புத்தாளும் தொலைபேசியும்

பழைய நிறுவனங்களில் முகப்புத்தாள் ஒரு முறை அச்சடித்தால் இருபது வருடம் ஓடும். ஆச்சி எடுத்துக் கொடுத்த தாளில் பழைய விற்பனை வரிப் பதிவு எண்ணும், எப்போதோ துண்டித்துவிட்ட 04565 தரைவழி எண்ணும் இருந்தன. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1-ந் தேதி. அதற்கு முந்தைய எண்ணோடு இருக்கும் தாள், கைவிட்ட நிறுவனத்தின் தாள் போலத் தோன்றும். சரிபார்க்க அழைக்கிறவர் அந்தத் தரைவழி எண்ணை அடித்துப் பார்த்து, இயங்கவில்லை என்றால், நிறுவனமே இல்லை என்று குறித்துக்கொள்ளவும் கூடும். புதிதாக அச்சடிக்க வேண்டியதில்லை. இப்போதைய முகவரி, 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், இயங்கும் கைப்பேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றோடு கணினியிலேயே ஒரு முகப்பை அமைத்து அச்செடுத்தால் போதும். அதன்மேல் மையால் கையெழுத்தும் நிறுவன முத்திரையும் விழ வேண்டும். கையெழுத்தின்கீழ் பெயரும் “உரிமையாளர்” என்ற பதவியும் தெளிவாக இருக்க வேண்டும்.

கையெழுத்தான சான்றிதழின் நகல் ஒன்றை நிறுவனக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். விசாரித்துத் தொலைபேசி வரலாம், ஆங்கிலத்திலும் பேசலாம் என்பதை, எண் கொடுத்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆச்சி தம் எண்ணோடு, ஆங்கிலத்தில் பேசத் தயங்காத மேலாளரின் எண்ணையும் போடச் சொன்னார்கள். எல்லோரும் செய்யத்தக்க ஏற்பாடு இது. கேள்வி வந்தால் நகலைப் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டுமே தவிர, நினைவிலிருந்து சொல்லக் கூடாது.

விண்ணப்பத்தோடு ஒப்பிடுதல்

இணைய விண்ணப்பத்தில் வேலை பற்றிய பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி, சேர்ந்த காலம், பதவி, வரி போக மாத வருமானம் ஆகியவற்றைக் கேட்பார்கள். சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதையே நிரப்புங்கள். கணக்கர் மாத வருமானத்தில் 27,200 என்று நிரப்பினார். மொத்தச் சம்பளம் 32,000 என்பதும் பிடித்தங்களும் சான்றிதழில் உள்ளன என்று கூடுதல் தகவல் பகுதியில் ஒரு வரி எழுதினார். விண்ணப்பத்தில் ‘மேலாளர்’ என்றும் சான்றிதழில் ‘கணக்கர்’ என்றும் இருப்பது போன்ற சிறு முரண்பாடுகளையும் இந்த நேரத்தில்தான் பிடிக்க முடியும்.

பிறகு சான்றிதழை வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரையின் ஊதா மையும் கையெழுத்தின் நீல மையும் கறுப்பு வெள்ளையில் ஒன்றாகி, ஒளிநகல் போல ஆகிவிடும். ஆவணங்களை மையத்தில் முன்பதிவு செய்த நாளுக்கு முன்பே வீட்டிலிருந்து பதிவேற்றிவிட்டு, கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் சென்னை விண்ணப்ப மையத்துக்குப் போகலாம். மூலச் சான்றிதழையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சம்பளம் ரொக்கமாக வந்தால்

நம் பகுதியில் பலருக்கு இன்னும் சம்பளம் கவரில்தான் வருகிறது. அப்படியானால் சான்றிதழில் “ரொக்கமாக வழங்கப்படுகிறது” என்று உள்ளபடியே எழுதி வாங்குங்கள். அதோடு, நீங்கள் கையெழுத்திட்ட சம்பளப் பதிவேட்டின் பக்கங்களையோ பற்றுச்சீட்டுகளையோ நகலெடுத்து, முதலாளியிடம் சான்றொப்பம் வாங்கிச் சேருங்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பற்றுச்சீட்டில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரைத் தலை ஒட்டியிருக்க வேண்டும். பழைய சீட்டுகளில் அது இல்லாவிட்டால், இப்போது ஒட்டிப் பழைய தேதி போடும் வேலையைச் செய்யவே கூடாது.

விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் இரண்டு லட்சம் மூன்று லட்சம் என்று கணக்கில் கட்டி இருப்பைக் காட்டுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத அந்தப் பெருந்தொகை, இல்லாததைவிட அதிகச் சந்தேகத்தை உண்டாக்கும். அவசரம் இல்லையென்றால், இந்த மாதத்திலிருந்தே சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கும்படி முதலாளியைக் கேட்டு, ஐந்தாறு மாதம் வரவு பதிவான பிறகு விண்ணப்பிப்பதையே நான் சொல்வேன்.

முதலாளி எழுதித் தரவே மறுத்தால், பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கி அறிக்கை, வருங்கால வைப்பு நிதிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைச் சேர்த்து, சான்றிதழ் கிடைக்காத காரணத்தை நீங்களே ஒரு கடிதமாக எழுதி இணைக்கலாம். இது சான்றிதழுக்கு முழு ஈடாகாது. விடுப்பும் திரும்பி வரும் தேதியும் முதலாளி கையெழுத்தில் இருப்பதன் வலு இவற்றுக்கு இல்லை. ஆகவே மறுத்த முதலாளியிடமும் விடுப்புக் கடிதத்தில் மட்டுமாவது கையெழுத்து கேட்டுப் பாருங்கள். சம்பளத்தை எழுதத் தயங்குகிறவர்கள் அதற்குப் பெரும்பாலும் சம்மதித்துவிடுகிறார்கள்.

கணக்கர் மே 8-ந் தேதியிட்ட திருத்திய சான்றிதழோடு விண்ணப்பித்தார். விசாரணைத் தொலைபேசி எதுவும் வரவில்லை. மூன்றாவது வாரம் விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. பழைய 45,000 ரூபாய்ச் சான்றிதழை, நான் கேட்டுக்கொண்டபடி, ஆச்சி தம் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டார்கள்.